கழுத்து விரிந்த டி-ஷர்ட்டில் இரண்டு வட்டங்கள்

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு டி-ஷர்ட்டின் ஆயுளை முடித்துவைப்பது கிழிசலோ கறையோ அல்ல, கழுத்துதான். உடம்புத் துணி நன்றாகவே இருக்கும், நிறம்கூட மங்கியிருக்காது. ஆனால் கழுத்து தொளதொளவென்று விரிந்து, முன்பக்கம் அலை அலையாக நெளியத் தொடங்கியதும் அது வீட்டில் மட்டும் போடுகிற சட்டையாகிவிடும். கொஞ்ச நாளில் வண்டி துடைக்கிற துணி. நல்ல பருத்தியில் பின்னி, சாயம் போட்டு, வெட்டித் தைத்த ஓர் உடுப்பு, இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டியின் தளர்ச்சியால் துடைப்புத் துணியாவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தையல் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பனியன் துணி தைக்கறதில்லைங்க, மெஷின் இழுத்துரும்." அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. சாதாரணத் தையல் மெஷினின் கால் பின்னல் துணியை அழுத்திக்கொண்டே தள்ளும்போது, மேல் துணி நீண்டு தையல் முழுக்க நெளிந்துவிடும். சரிசெய்யப் போன கழுத்து முன்னைவிட விரிந்து வரும்.

இணையத்தில் தேடினால் வேறொரு பதில் கிடைக்கும்: வெந்நீரில் போடு, ஆவி காட்டு, சுருங்கிவிடும். இதுவும் பாதி உண்மைதான். ஒரு சட்டைக்குப் பிரமாதமாக வேலை செய்கிற அதே வழி, இன்னொரு சட்டையில் அசைந்துகூடக் கொடுக்காது. ஒன்றுக்குப் பலித்தது மற்றதற்கு ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி வெகுநாள் என்னை விடவேயில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நெடுங்காலம் செக்கிங்கில் இருந்த என் சித்திதான் அதற்கு வழி காட்டினார்.

மூட்டைப் பார்

ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த சித்தியிடம் கருநீல டி-ஷர்ட் ஒன்றைக் காட்டினேன். வட்டக் கழுத்து, முழுப் பருத்தி, கழுத்துப் பட்டியில் மட்டும் கொஞ்சம் லைக்ரா கலந்த ரிப், அதாவது மேடும் பள்ளமுமாகக் கோடு கோடாகப் பின்னிய, இழுபடும் துணி. வாங்கும்போது கழுத்தோடு ஒட்டி நின்றது, இப்போது குனிந்தால் முன்னால் தொங்குகிறது. சித்தி அதை வாங்கி உள்பக்கமாகத் திருப்பினார். நான் ரிப்பின் விளிம்பைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கண் அங்கே போகவேயில்லை.

"நீ ரிப்பையே பாத்துட்டு இருக்கற கண்ணு. அது உடம்போட சேர்ற மூட்டைப் பாரு. மூட்டு நீண்டு போயிருந்தா ரிப்பு என்ன பண்ணும்? அது புடிச்சுட்டு நிக்கறதுக்கு ஏது எடம்?"

அதன்பிறகு கழுத்தை நான் ஒரு வட்டமாகப் பார்ப்பதில்லை. அங்கே இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. மேலே, நம் தோலைத் தொடுகிற ரிப்பின் விளிம்பு ஒரு வட்டம். கீழே, ரிப்பும் உடம்புத் துணியும், ஓரத்தைச் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் தையலில் சேர்கிற மூட்டு இன்னொரு வட்டம். தைக்கும்போதே ரிப்பைக் கழுத்து வாயைவிடக் குட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்து மூட்டுவார்கள். அதனால்தான் மேல் வட்டம் கீழ் வட்டத்தைவிடச் சிறிதாகி, பட்டி உள்நோக்கிச் சாய்ந்து கழுத்தோடு ஒட்டுகிறது. இந்த இரண்டில் எது விரிந்தது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பதால்தான் பாதிச் சட்டைகள் சரியாவதில்லை. ரிப் விரிந்திருந்தால் ஆவி மீட்டுக் கொடுக்கும். மூட்டு விரிந்திருந்தால் ஆவி கொஞ்சம்தான் உதவும், மிச்சத்தை ஊசியால்தான் பிடிக்க வேண்டும்.

எது விரிந்தது என்று கண்டுபிடிக்க அதே அளவில், கழுத்து நன்றாக இருக்கிற இன்னொரு டி-ஷர்ட் போதும். இரண்டையும் மேசையில் இழுக்காமல் பரப்பி, இன்ச் டேப்பை விளிம்பில் நிறுத்தி வளைவோடு நடத்தி அளக்க வேண்டும். டேப்பைப் படுக்கப் போட்டால் வளைவில் மடிந்து அளவு பிசகும். நல்ல சட்டையில் மூட்டு 52 செ.மீ., ரிப் விளிம்பு 43 செ.மீ. என் கருநீலத்தில் மூட்டு 57, விளிம்பு 50. இரண்டுமே விரிந்திருந்தன. ஆனால் மூட்டைத் தோளிலிருந்து தோள் வரை தனித்தனியாக அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பின்கழுத்து இரண்டு சட்டையிலும் அதே 22 செ.மீ.தான். அங்கே தோளிலிருந்து தோளுக்கு ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள், அது துணியை நீளவிடவில்லை. நீண்ட 5 செ.மீ. முழுக்க முன்கழுத்தில்தான், அதிலும் பெரும்பகுதி நடுவளைவில். ஏனென்றால் பின்னல் துணி நெடுக்கில் இழுபடுவதைவிடக் குறுக்கில்தான் அதிகம் இழுபடும். முன்கழுத்தின் அடிவளைவு துணியின் குறுக்கோடு ஓடுகிறது, பக்கவாட்டுப் பகுதிகள் நெடுக்கோடு ஓடுகின்றன. சட்டையைக் கழற்றும்போது நாம் பிடித்து இழுப்பதும் அந்த நடுவளைவைத்தான்.

ஆவி எதை மீட்கும்

பருத்திப் பின்னல் என்பது வளையத்துக்குள் வளையமாகக் கோத்த நூல். இழுக்கும்போது நூல் நீள்வதில்லை, வளையத்தின் வடிவம்தான் மாறுகிறது. உயரமான வளையம் அகலமாகிறது. இழுத்த நிலையிலேயே காய்ந்தால் அந்த வடிவம் தங்கிவிடுகிறது. பருத்தி இழைக்குள் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள், துணி காயும்போது அப்போதைய வடிவத்தில் இறுகுகின்றன. ஈரமும் சூடும் சேர்ந்து போனால் அந்தப் பிணைப்புகள் தளரும், இழை உப்பும், வளையம் தன் பழைய உருவத்தை நோக்கி நகர இடம் கிடைக்கும். நாம் செய்ய வேண்டியது அந்த நேரத்தில் அதைச் சரியான வடிவத்தில் கிடத்தி, அப்படியே காயவிடுவது மட்டுமே.

இதில் லைக்ராவின் கதை வேறு. அது ரிப்பைத் திரும்ப இழுக்கிற ரப்பர் போன்ற இழை. உயிரோடு இருந்தால் ஆவி பட்டதும் ரிப் கண்ணெதிரே சுருங்கும். செத்துப்போயிருந்தால் எந்த ஆவியும் அதை எழுப்பாது. ரிப்பில் 5 செ.மீ. நீளத்தை இரு விரல்களால் பிடித்து 8 வரை இழுத்து விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே திரும்பினால் நல்லது. உலர்ந்தபோது மெதுவாகத் திரும்பி, நனைத்த பிறகு வேகமாகத் திரும்பினாலும் நம்பலாம். இழுத்த இடம் அப்படியே நின்றாலோ, ரிப்பின் நடுவே பளபளப்பான மெல்லிய இழைகள் அறுந்து முடிபோல நீட்டிக்கொண்டிருந்தாலோ லைக்ரா முடிந்துவிட்டது. பிளீச்சும் அதிகச் சூடும்தான் பெரும்பாலும் காரணம். அந்த ரிப்பை மாற்றத்தான் வேண்டும், அது கைத்தையலில் எளிதாக முடிகிற வேலை இல்லை.

ஆவி காட்டும் முறையில் அவசரம் கூடாது. முதலில் சட்டையைத் துவைத்து, ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுக்க வேண்டும். கழுத்தைப் பிடித்து முறுக்கிப் பிழியக் கூடாது. மேசையில் தடித்த துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் கழுத்தை வட்டமாகக் கிடத்துவேன். நல்ல சட்டையின் கழுத்து வளைவை முன்பே செய்தித்தாளில் வரைந்து வெட்டி வைத்திருப்பதால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈரத் துணியை விரல்நுனியால் உள்நோக்கித் தள்ளித் தள்ளி அந்த வளைவுக்குக் கொண்டுவருவேன். ரிப்பின் செங்குத்துக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வடிவம் நகராதிருக்க மூட்டுக்குக் கீழே, உடம்புத் துணியில் குண்டூசி குத்தலாம். ரிப்பில் குத்தினால் ஊசி நின்ற இடங்களில் முனை முனையாகத் தங்கிவிடும்.

பிறகு ஸ்டீம் அயர்ன். பெட்டி துணியைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில் பிடித்து, ஓரிடத்தில் சில நொடி ஆவி விட்டு, பெட்டியை நகர்த்திவிட்டு, ஆவி அடங்கியதும் அந்த இடத்தை விரலால் உள்நோக்கி ஒதுக்கி லேசாகத் தட்ட வேண்டும். பிறகு அடுத்த இடம். வட்டம் முழுக்க வந்ததும் ஃபேனுக்கு அடியில் அப்படியே விட்டுவிட வேண்டும். ஆறுவது மட்டும் போதாது, முழுக்கக் காய வேண்டும். சூடாக இருக்கும்போது எப்படி வந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்தால் சட்டையின் கனமே கழுத்தை மறுபடி இழுத்துவிடும். ஸ்டீம் அயர்ன் இல்லாதவர்கள் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, சாதாரணப் பெட்டியை அதன்மேல் கனம் கொடுக்காமல் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். ரிப்பின் மேல் பெட்டியை வைத்து ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. இஸ்திரிக்காரரின் கனத்த கரிப்பெட்டி, விரிந்த கழுத்தை இன்னும் விரிப்பது அப்படித்தான். ரிப்பின் மேடு பள்ளம் நசுங்கித் தட்டையாகும்போது பட்டி அகலத்திலும் நீளத்திலும் வளர்ந்துவிடுகிறது. கழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பிரின்ட் இருந்தால் அங்கே ஆவியும் வேண்டாம்.

காய்ந்தபின் கருநீலத்தை அளந்தேன். ரிப் விளிம்பு 50-லிருந்து 45.5-க்கு வந்திருந்தது, அலைகள் மறைந்திருந்தன. மூட்டு 57-லிருந்து 55.5-க்குத்தான் வந்தது. சித்தி சொன்னது இங்கே எண்ணாகவே தெரிந்தது. ரிப் தன் பங்கைச் செய்துவிட்டது, மூட்டில் இன்னும் 3.5 செ.மீ. மிச்சம். ஓவர்லாக் நூல் துணியோடு சேர்ந்து நீண்டு அந்த இடத்திலேயே நிலைத்துவிட்டதால் வளையங்கள் உள்ளே வர முடியவில்லை. இதற்குமேல் எத்தனை தடவை ஆவி காட்டினாலும் பலன் இல்லை.

தலை நுழைய வேண்டும்

மூட்டைச் சுருக்க முதலில் தோன்றுவது, நூலைக் கோத்து ஓட்டுத் தையல் போட்டு இழுத்து முடிச்சுப் போடுவது. மேசையில் கிடக்கும்போது கழுத்து அழகாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 56 முதல் 58 செ.மீ. என் சட்டையின் பின்கழுத்து 22, நாடா இருப்பதால் நீளாது. முன்கழுத்தை 30-க்கு இழுத்து, நீளாத நூலால் பூட்டினால் மொத்தம் 52. தலை நுழையாது, அல்லது முதல் தடவை போடும்போதே நூல் பட்டென்று அறும். கழுத்து சும்மா இருக்கும்போது 52-ஆகவும், தலை நுழையும்போது 58-ஆகவும் இருக்க வேண்டும். 58-இல் 22 போனால், முன்கழுத்து மட்டும் 36 வரை நீள வேண்டும். எனவே உள்ளே போவது நீளக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், அதைப் பிடிக்கிற தையலும் நீளக்கூடியதாக இருக்க வேண்டும்.

பொருள் எலாஸ்டிக். 2020-இல் வீட்டில் முகக்கவசம் தைத்தவர்களிடம் மிச்சம் கிடக்குமே, அந்த 3 மி.மீ. மென்மையான எலாஸ்டிக் போதும். தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். தையல், எலாஸ்டிக்கின் இருபுறமும் மாறி மாறிக் குறுக்காகப் போகும் பெருக்கல் குறித் தையல். புடவைக்கு ஃபால்ஸ் வைத்துப் பழகிய கைக்கு இது கடினமே இல்லை. மெஷின் தையலின் நேர்க்கோட்டு நூல் இழுத்தால் அறும். இந்தச் சாய்வான நூல் இழுத்தால் சாய்வு குறைந்து நீளும், விட்டால் பழையபடி வரும். பனியன் துணிக்கு மெஷினைவிடக் கைத்தையல் ஒத்துப்போவது இதனால்தான். துணியை அழுத்தித் தள்ள இங்கே எந்தக் காலும் இல்லை.

நூல் பாலியஸ்டராக, ஒற்றை இழையாக இருக்கட்டும். பருத்தி நூல் இழுவையில் சீக்கிரம் அறும். ஊசி மெல்லியதாக, முனை சற்று மழுங்கியதாக இருந்தால் நல்லது, அது நூலைக் குத்தாமல் வளையங்களுக்கு நடுவே புகுந்துபோகும். தடித்த ஊசி வளையத்தின் நூலையே அறுத்துவிட்டால், துவைக்கத் துவைக்க அந்தச் சின்ன ஓட்டை ஏணிபோல ஓடும்.

சட்டையை உள்பக்கம் திருப்பி, முன்மூட்டின் நீளத்தைப் பார்த்தேன். 33.5 செ.மீ. இரண்டு தோளிலிருந்தும் முதல் 6 செ.மீ. அதிகம் நீளாத பக்கவாட்டுப் பகுதி, அதைத் தொட வேண்டாம். நடுவில் இருக்கும் 21.5-ஐத்தான் 18-க்குக் கொண்டுவர வேண்டும். எலாஸ்டிக்கில் பேனாவால் 6, 17, 6 என்று குறித்துக்கொண்டு, இரு முனையிலும் தைக்க ஒவ்வொரு செ.மீ. விட்டு 31 செ.மீ. வெட்டினேன். நடுவில் 18-க்குப் பதில் 17 குறித்தது, சுருங்க மறுத்துத் துணி எதிர்த்துத் தள்ளுமே, அதற்காக. இந்தக் குறிகள் இல்லாமல் எலாஸ்டிக்கை மொத்தமாக இழுத்து முடிந்தால் சுருக்கம் கழுத்து முழுக்கப் பரவி, பக்கவாட்டில் பாவாடைச் சுருக்கம்போல வெளியே தெரியும்.

இடது தோளில், ஓவர்லாக் விளிம்பின்மேல் எலாஸ்டிக்கின் முனையை நாலைந்து கெட்டித் தையலால் பூட்ட வேண்டும். பிறகு எலாஸ்டிக்கை மூட்டின்மேல் கிடத்தி, அதற்கு மேலே ஒரு சின்னப் பிடி, சாய்வாக நகர்ந்து கீழே ஒரு சின்னப் பிடி என்று இடமிருந்து வலமாகப் போக வேண்டும். ஒவ்வொரு பிடியும் 2 மி.மீ. அளவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 6 மி.மீ. ஊசி ஓவர்லாக் விளிம்பை மட்டும் எடுக்க வேண்டும், முன்பக்கத் துணிக்குப் போய்விடக் கூடாது. எலாஸ்டிக்கையும் குத்தக் கூடாது, அது இந்தக் கூண்டுக்குள் வழுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். நூலை இறுக்கவும் வேண்டாம். 6 செ.மீ. குறி வந்ததும் அங்கே மட்டும் எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துக் குத்தி இரண்டு தையல் போட்டுப் பூட்டிவிட்டு, அடுத்த 21.5 செ.மீ. துணியைக் கடந்து போக வேண்டும். அதன் முடிவில் எலாஸ்டிக்கை அடுத்த குறி வரும்வரை இழுத்து மறுபடி பூட்டு. கடைசி 6 செ.மீ. முதல் பகுதிபோலவே, வலது தோளில் கெட்டித் தையலோடு முடியும்.

முடிந்ததும் நூலை அறுப்பதற்குமுன் கழுத்தை இரு கையாலும் முழுக்க விரித்துப் பார்க்க வேண்டும். எங்காவது 'டிக்' என்று கேட்டால் அந்தத் தையல் இறுகியிருக்கிறது, பிரித்துத் தளர்த்த வேண்டும். பிறகு தலையில் போட்டுப் பார்க்க வேண்டும். நடுவளைவில் மெல்லிய நெளிவு தெரிந்தால் வெளிப்பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு தடவை ஆவி விட்டு விரலால் ஒதுக்கினால் உடம்புத் துணி அந்த அளவுக்கு அடங்கிவிடும். என் சட்டையில் மூட்டு 52.5, ரிப் விளிம்பு 43.5 என்று நின்றது. மூட்டு சுருங்கியபோது ரிப்பும் கூடவே உள்ளே வந்துவிட்டது. இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 10 செ.மீ. துணியில் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ.க்கு மேல் சுருக்கினால் ஆவியாலும் நெளிவு அடங்காது. அவ்வளவு விரிந்த கழுத்துக்கு ரிப்பையும் மூட்டையும் பிரித்துத் தோளில் பிடித்துத் தைப்பதுதான் வழி.

வரிசையும் முக்கியம், ஆவிக்குப் பிறகுதான் எலாஸ்டிக். முதலிலேயே எலாஸ்டிக் வைத்துவிட்டால் எவ்வளவு சுருக்க வேண்டும் என்ற அளவு தப்பாகும், பிறகு நெருக்கமாக ஆவி காட்டும்போது எலாஸ்டிக்கும் சூட்டில் சோர்ந்துபோகும்.

மணிக்கட்டு

முழுக்கை டி-ஷர்ட்டின் மணிக்கட்டுப் பட்டி விரிவதற்குக் காரணம், பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதை முழங்கைக்குத் தள்ளி ஏற்றிக்கொள்வதுதான். முன்கையின் பருமனில் மணிக்கணக்காக நின்ற ரிப் அந்த அளவுக்கே பழகிவிடுகிறது. இதற்கும் முதல் வேலை அதே ஆவிதான், கழுத்தைவிடச் சுலபமாக மீளும். வீட்டில் ஒரு சாம்பல் நிறச் சட்டையில் 23 செ.மீ. ஆகியிருந்த பட்டி ஆவியிலேயே 20.5-க்கு வந்தது. வேண்டியது 18-க்கும் 19-க்கும் இடையில்.

இங்கே எலாஸ்டிக் தேவையில்லை. கழுத்தின் மூட்டு வாயைச் சுற்றி ஓடுவதால் அது நீள வேண்டியிருந்தது. கையின் மூட்டோ கையின் நீளத்தோடு ஓடுகிறது, போடும்போது அது அதிகம் நீள வேண்டியதில்லை. அதனால் கெட்டித் தையலே போதும். உள்பக்கம் திருப்பி, பழைய கைமூட்டிலிருந்து 1 செ.மீ. உள்ளே, பட்டியின் விளிம்பில் ஒரு புள்ளி வைக்கிறேன். 1 செ.மீ. பிடித்தால் சுற்றளவில் 2 குறையும், 18.5 கிடைக்கும். தையல் பட்டியோடு நேராகப் போய், பிறகு கையில் 10 செ.மீ. மேலே பழைய மூட்டோடு மெல்லச் சாய்ந்து கலக்க வேண்டும். பட்டியை மட்டும் பிடித்து அங்கேயே நிறுத்தினால் அதற்கு மேலே துணி பலூன்போல உப்பும். துணியை ஒரு துளி இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னக் கெட்டித் தையலாக, விளிம்பில் இரட்டையாகப் போட வேண்டும். நூலைப் பூட்டும்முன் கட்டைவிரலை உள்ளே மடக்கிய கை நுழைகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். உள்ளே மிஞ்சிய துணியை உடனே வெட்டுவதில்லை. ஒரு துவைப்புக்குப் பிறகும் அளவு சரியாக இருந்தால்தான் 6 மி.மீ. விட்டு வெட்டி, ஓரம் சுற்றித் தைப்பேன்.

சரிசெய்த சட்டையைக் கழுத்தைக் கொக்கியாக்கி ஆணியில் மாட்டுவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். ஈரச் சட்டையின் கனம் முழுவதும் நடுவளைவில் இறங்குவது அப்போதுதான். கொடியில் போடும்போது மார்புக்குக் கீழே, துணியின் பாதியில் மடித்துப் போடுகிறோம், கிளிப் போடுவதென்றால் கீழ் ஓரத்தில். ஹேங்கரில் போடுவதாக இருந்தால் அதைக் கழுத்து வழியாகத் திணிக்காமல் கீழ்வாய் வழியாக உள்ளே விட்டு, கொக்கியை மட்டும் கழுத்தில் எடுக்கிறோம். சித்திக்குச் சட்டையின் படத்தை அனுப்பியபோது முன்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.